மூன்று மாத இன்டர்ன்ஷிப்: பாதியில் வேலை கூடினால் அட்டவணையை என்ன செய்வது?

தம்பி, உங்கள் கடிதம் படித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஜனவரி முதல் மார்ச் வரை இன்டர்ன்ஷிப். ஒரு தையல் லைனில் என்னென்ன குறை வருகிறது என்று கணக்கெடுத்து, அதில் ஒன்றைக் குறைத்துக் காட்டுவதுதான் புராஜெக்ட். ஆறாவது வாரக் கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, "மூணு லைனுக்கும் பண்ணிடுப்பா, அப்படியே சூப்பர்வைசர் தினமும் போடுற மாதிரி ஒரு எக்செல்லும் குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், நீங்களும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு இப்போது தூங்காமல் இருக்கிறீர்கள்.

முதலில் பழைய அட்டவணையை எடுங்கள். மூன்று மாதம் என்றால் 13 வாரம், ஆனால் வேலைக்குக் கிடைப்பது அத்தனை இல்லை. முதல் வாரம் ஐடி கார்டு, ஆட்களைத் தெரிந்துகொள்வது என்று போய்விடும், இரண்டாவது வாரம் பொங்கல், கடைசி இரண்டு வாரம் ரிப்போர்ட்டுக்கும் பிரசன்டேஷனுக்கும். மிச்சம் 9 வாரம். அதில் மூன்றாவது வாரம் குறைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு (தையல் விடுபட்டது, சுருக்கம், எண்ணெய்க் கறை) குறிப்புத் தாள் தயார் செய்வது, 4 முதல் 6 வரை கணக்கெடுப்பு, 7-ல் எந்தக் குறை அதிகம் என்று பிரித்துப் பார்ப்பது, 8 முதல் 10 வரை ஒரு மாற்றம் செய்து மறுபடி அளப்பது, 11 எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்த கை இருப்பு வாரம். நீங்கள் போட்டது நல்ல அட்டவணைதான்.

புதிய வேலையை அதற்குள் திணிப்பதற்கு முன்னால், இதுவரை உண்மையில் என்ன வேகத்தில் போனீர்கள் என்று பாருங்கள். மூன்று வாரத்தில் 15 நாள் கணக்கு எடுக்க நினைத்தீர்கள், கிடைத்தது 11 நாள். கட்டிங்கிலிருந்து துணி வராமல் லைன் நின்ற நாளும், உங்களை வேறு வேலைக்கு அனுப்பிய நாளும் போக அவ்வளவுதான். அது உங்கள் தப்பு இல்லை, அந்த இடத்தின் வேகம் அதுதான். அப்படியானால் 15 நாள் கணக்குக்கு நான்கு வாரம் வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு செக்கிங் டேபிளில் நிற்கவும் முடியாது, ஆக இன்னும் இரண்டு லைனை இதே முறையில் ஒன்றன் பின் ஒன்றாக எடுத்தால் எட்டு வாரம். கையில் இருப்பது ஐந்து. பலர் இந்த இடத்தில்தான் 11-வது வாரத்தையும் ரிப்போர்ட் வாரத்தையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கணக்கு இருக்கும், எழுத நேரம் இருக்காது. ரிப்போர்ட் வாரங்கள் இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள்.

அதனால் மேனேஜரிடம் முடியாது என்று சொல்லவும் வேண்டாம், எல்லாம் முடியும் என்று சொல்லவும் வேண்டாம், இரண்டு வழியை எழுதிக் கொண்டு போங்கள். முதல் வழி: ஆய்வும் மாற்றமும் முதல் லைனில் மட்டும், எக்செல் தாள் மூன்று லைனுக்கும் போகும், அதை மதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து 11-வது வாரத்தில் சூப்பர்வைசர்களிடம் கொடுத்துப் பழக்குவது. இரண்டாவது வழி: மூன்று லைனின் கணக்கும் எக்செல்லும், ஆனால் மாற்றம் செய்து பார்ப்பது கிடையாது, கணக்கை அந்தந்த லைன் செக்கர்களே கோடு போட்டுக் குறிப்பார்கள், நீங்கள் காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் நின்று சரிபார்ப்பீர்கள். எந்த வழியிலும் கை இருப்பு வாரம் போய்விடும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எனக்குக் கேட்டால் முதல் வழிதான், ஏனென்றால் வைவாவில் "செய்ததால் என்ன குறைந்தது" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று. முதல் வழியை எடுப்பதற்கு முன் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசரிடம் போய், முதல் லைனில் இப்போது ஓடும் ஸ்டைல் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டுவிடுங்கள். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் நூறு பீஸுக்கு இத்தனை குறை என்று எடுத்துவிட்டு, மாற்றம் செய்த பிறகு அங்கே காலர் வைத்த ஸ்டைல் ஓடினால், எண் குறைந்தாலும் கூடினாலும் அது உங்கள் மாற்றத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது. ஒன்பதாவது வாரத்தில் ஸ்டைல் மாறப்போகிறது என்று சொன்னால் மாற்றத்தை ஏழாவது வாரமே தொடங்கிவிடுங்கள், அல்லது இரண்டாவது வழிக்குப் போங்கள்.

அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அன்று சாயங்காலமே மூன்று வரி மெயில் போடுங்கள்: இன்று பேசியபடி இது சேர்கிறது, இது விடப்படுகிறது, புதிய அட்டவணை இணைப்பில். வாயால் சொன்னது மார்ச்சில் யாருக்கும் நினைவிருக்காது. காலேஜ் கைடுக்கும் ஒரு பிரதி வையுங்கள், தலைப்பு மாறுவதாக இருந்தால் அவர் ஒப்புதல் இல்லாமல் மாற்ற வேண்டாம். பழைய ஃபைலின் மேலேயே திருத்தாமல் timeline_v1.xlsx அப்படியே இருக்கட்டும், புதியது timeline_v2.xlsx, அதன் மேல் வரியில் தேதியும் ஏன் மாறியது என்பதும். திங்கட்கிழமை மெர்ச்சன்டைசரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.