மூன்று வருட கிரைண்டரா, ஆறு வருட கிரைண்டரா?

கேள்வி: இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு டில்டிங் கிரைண்டர் 60,000 ரூபாய், 3 வருடம் உழைக்கும். கரண்ட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20,000 ஆகும். இன்னொன்று 1,20,000 ரூபாய், 6 வருடம் உழைக்கும். வருடச் செலவு 17,000. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் விலை வருடத்துக்கு 20,000தான். அப்போது பெரியதுதானே லாபம்? 12 சதவீத வட்டியில் கடன் வாங்கப் போகிறேன்.

பதில்: விலையை வருடத்தால் வகுக்கும்போது வட்டி கணக்கில் வராமல் போய்விடுகிறது. பெரிய மெஷினுக்கு முழுப் பணமும் இன்றே வேண்டும். சின்னதற்கு இன்று பாதிதான். அடுத்த 60,000 மூன்று வருடம் கழித்துத்தான் கையை விட்டுப் போகும்.

அதனால் ஒவ்வொரு மெஷினின் விலையையும், அது உழைக்கும் காலத்துக்குள் 12 சதவீத வட்டியுடன் சமமான வருடத் தவணையாகக் கட்டி முடித்தால் எவ்வளவு என்று பாருங்கள். அதோடு வருடச் செலவைக் கூட்டினால் வருவதுதான் இணை ஆண்டுச் செலவு. எக்செலில் இப்படிப் போடலாம்:

```
=PMT(12%,3,-60000)
=PMT(12%,6,-120000)
```

முதலாவது 24,981 ரூபாய், இரண்டாவது 29,187. வருடச் செலவையும் சேர்த்தால் சின்னது 44,981, பெரியது 46,187. நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, சின்னது வருடத்துக்குச் சுமார் 1,200 ரூபாய் மலிவு. இதே பணம் 7 சதவீதம் தரும் உங்கள் வைப்பு நிதியிலிருந்து வந்தால் கணக்கு மாறும்: சின்னது சுமார் 42,860, பெரியது 42,180. இரண்டும் ஏறக்குறைய சமமாவது 9 சதவீத வட்டியில்.

ஆனால் இந்தக் கணக்கு, மூன்று வருடம் கழித்தும் சின்ன மெஷின் 60,000க்கே கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறது. அன்றைக்கு அதன் விலை 67,000ஐத் தாண்டினால், 12 சதவீதக் கடனிலும் பெரியதே மலிவாகிவிடும். வருடத்துக்கு 4 சதவீதம்கூட ஏறவேண்டியதில்லை. கல், மோட்டார் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தால் அது நடக்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே ஆறு வருடமும் இதே தொழிலில் இருப்பீர்கள் என்றால் என் சாய்வு பெரியதன் பக்கம். மூன்று வருடத்தில் கடையை விரிவாக்கவோ மூடவோ வாய்ப்பிருந்தால் சின்னதையே வாங்குங்கள். நடுவில் விற்றால் பழைய மெஷினுக்கு நல்ல விலை கிடைக்காது.

பணம் கட்டும் முன் ஒன்றைச் செய்யுங்கள். ஆறு வருடம் என்று சொன்னது விற்பவர்தானே? அதே மாடலைத் தினமும் ஓட்டும் வேறொரு மாவுக்காரரிடம் விசாரியுங்கள். ஐந்தே வருடத்தில் கைவிட்டால் பெரியதன் இணை ஆண்டுச் செலவு சுமார் 50,290 ரூபாய். அப்போது சின்ன மெஷினின் விலை 67,000 ஆனாலும் பெரியது கட்டுப்படியாகாது.