வங்கிக் கணக்கை முடக்கிய ஜிஎஸ்டி நோட்டீஸ்: பூட்டு யார் கையில்?

"விருதுநகரில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் சப்ளையருக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து டிஆர்சி-13 வந்திருக்கிறது, ரூ.4,58,400 பாக்கி என்று வங்கியில் சொல்கிறார்கள். 2019-20ஆம் ஆண்டுக் கணக்காம். தபாலில் எனக்கு எதுவுமே வரவில்லை. ஆடிட்டர் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொடுத்த உத்தரவின் நகலை இணைத்திருக்கிறேன். மேலாளர் எனக்கு நன்கு தெரிந்தவர். அவரிடம் சொல்லி எடுத்துவிட முடியுமா?"
- வாசகர், விருதுநகர்

முடியாது. அவர் உங்கள் சொந்த மைத்துனராகவே இருந்தாலும் முடியாது. டிஆர்சி-13 உங்களுக்கு எழுதப்பட்ட கடிதமல்ல, வங்கிக்கு எழுதப்பட்டது. "இவருக்கு நீங்கள் தரவேண்டிய பணத்தை இவரிடம் தராமல் அரசுக்குக் கட்டுங்கள்" என்பதுதான் அதன் சாரம். ஜிஎஸ்டி சட்டத்தின் 79ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. வங்கி கட்ட மறுத்தால் அந்தத் தொகைக்கு வங்கியையே பாக்கிதாரராகக் கருதலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எந்த மேலாளர் அந்த வம்பை விலைக்கு வாங்குவார்?

ஆனால் அவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. நோட்டீஸ் கேட்பது ரூ.4,58,400 மட்டுமே. கணக்கில் அதற்கு மேல் பணம் இருந்தால் மிச்சத்தை நிறுத்திவைக்க நோட்டீஸில் இடமில்லை. முழுக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகைக்கு மட்டும் பிடித்தம் வையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். வங்கி ஏற்கெனவே ஏதாவது தொகையை அரசுக்கு அனுப்பிவிட்டதா என்றும் கேளுங்கள். பின்னால் இந்த விவரம் வேண்டியிருக்கும். இன்னொன்று: முடக்கப்பட்ட கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதே தவிர, உள்ளே வரும். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால், வாடிக்கையாளர் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பிடிக்குள்தான் விழும்.

இனி உத்தரவுக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் போட்டிருக்கிறார்கள். வரி ரூ.2,40,000, வட்டி ரூ.1,94,400, அபராதம் ரூ.24,000. சரக்கு வாங்கும்போது கட்டிய வரி என்று நீங்கள் 3பி ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரி வரவு, சப்ளையர்கள் காட்டியதன்படி 2ஏ பட்டியலில் வந்ததைவிட அதிகம் என்பது குற்றச்சாட்டு. நோட்டீஸுக்கும் நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை என்பதால் ஒருதலையாக முடித்துவிட்டார்கள். நோட்டீஸ் வராமல் இல்லை. இணையதளத்தில் வந்திருக்கிறது, ஆனால் யாரும் திறந்து பார்க்காத மூலையில். Services > User Services > View Additional Notices/Orders என்று உள்ளே போனால் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். மாதம் தவறாமல் ரிட்டர்ன் போடுகிறவர்கள்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஆடிட்டரைத் திட்ட வேண்டும் என்றால் கொஞ்சம் திட்டிக்கொள்ளுங்கள். வேலை அதோடு முடியாது.

உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்திருந்தால் கதையே வேறு. சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம், உங்கள் விஷயத்தில் ரூ.24,000, கட்டினால் போதும். மிச்சத்தை வசூலிப்பது சட்டப்படி தானாகவே நின்றுபோயிருக்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். அதையும் தாண்டினால் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மன்னிக்கும் அதிகாரமே கிடையாது. நீங்கள் தாண்டிவிட்டீர்கள். தவணை கேட்கலாமா என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். மீட்பு நடவடிக்கை ஓடிக்கொண்டிருக்கும் பாக்கி வைத்திருப்பவருக்குத் தவணை இல்லை என்கிறது விதி 158. அந்த வாசலும் அநேகமாக அடைத்துவிட்டது.

மிஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. விருதுநகர் என்பதால் மதுரைக் கிளை. பயப்பட வேண்டாம், இப்படிப்பட்ட மனுக்கள் அங்கே புதிதல்ல. இணையதளத்தில் போடுவது சட்டப்படி செல்லும் என்றாலும், பதிலே வராதபோது பதிவுத் தபால் போன்ற வேறு வழிகளையும் அதிகாரி முயன்றிருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வழக்கமாக, சர்ச்சைக்குரிய வரியில் 10 முதல் 25 சதவீதம் வரை கட்டச் சொல்லி, பழைய உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க அனுப்புவார்கள். பணம் கட்டியதும் வங்கி முடக்கத்தை நீக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதுவார்கள். 25 சதவீதம் என்றால் உங்களுக்கு ரூ.60,000. வங்கி ஏற்கெனவே அனுப்பிய தொகை இருந்தால் அதை இதில் கழித்துக்கொள்ளும்படி வக்கீல் கேட்க வேண்டும். எவ்வளவு தாமதமாகப் போகிறீர்களோ, அவ்வளவு கேள்விகள் வரும். எனவே இந்த வாரமே போங்கள்.

ரிட் மனுவில் "வாய்ப்புக் கொடுங்கள்" என்று கெஞ்சுவது மட்டும் போதாது, வாய்ப்புக் கொடுத்தால் சொல்ல விஷயம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்களிடம் இருக்க வாய்ப்புண்டு. 2ஏ-வில் வராத பில்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சப்ளையர் வரியைக் கட்டியிருப்பார், ஆனால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக எழுதியிருப்பார் அல்லது பில்லைச் சில்லறை விற்பனையில் சேர்த்திருப்பார். அப்படியானால், ஓர் ஆண்டில் ஒரு சப்ளையர் வழியாக வந்த வித்தியாசம் ரூ.5 லட்சம் வரை இருந்தால், வரி கட்டிவிட்டேன் என்று அவரே தரும் சான்றிதழ் போதும் என்று 2023 ஜூலையில் வந்த 193ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு மேல் என்றால் பட்டயக் கணக்காளர் சான்றிதழ் வேண்டும். 2019 அக்டோபர் 9க்கு முந்தைய பில்களுக்கு இது முழுமையாகச் செல்லும். பிந்தையவற்றுக்கு, 2ஏ-வில் வந்ததற்கு மேல் வரவு எடுக்க அப்போதிருந்த சதவீத வரம்புக்குள் மட்டும். எனவே பில்களைத் தேதிவாரியாகப் பிரித்துவைத்துக்கொண்டு சப்ளையருக்குப் போன் போடுங்கள். அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் சிக்கல்தான்.

தீர்ப்பு வந்ததும் கணக்கு தானாகத் திறந்துவிடும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வங்கிக்கு நீதிமன்றத்தின் நகல் மட்டும் போதாது, நோட்டீஸ் கொடுத்த அதிகாரியின் கடிதம் வேண்டும் என்பார்கள். நோட்டீஸைத் திருத்தவும் திரும்பப் பெறவும் அவருக்கு 79ஆவது பிரிவிலேயே அதிகாரம் இருக்கிறது. தீர்ப்பின் நகல், பணம் கட்டிய சலான், ஒரு பக்க விண்ணப்பம் மூன்றையும் நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். சலானை முடங்கிய கணக்கிலிருந்து கட்ட முடியாது என்பது சொல்லத் தேவையில்லை. வேறு வங்கிக் கணக்கோ, உறவினர் கணக்கோ பயன்படட்டும். அதிகாரியின் கடிதம் வங்கிக்குப் போன மறுநாள், பத்து ரூபாயை யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். தலைமையகத்தில் ஒரு பிடித்தமும் கிளையில் ஒரு பிடித்தமுமாக இரண்டு இருந்து, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்துபோன வங்கியை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் மேலும் பதினோரு நாள் அலைந்தார்.

உங்களுக்கு வந்திருப்பது டிஆர்சி-13 என்பதால் இவ்வளவும் சொன்னேன். இதே பக்கத்தைப் படிக்கும் வேறொருவருக்கு டிஆர்சி-22 வந்திருந்தால் அது வேறு சரக்கு. வரி இன்னும் முடிவாகும் முன்பே, பணம் கைமாறிவிடும் என்ற அச்சத்தில் ஆணையர் போடும் தற்காலிக முடக்கம் அது. அதற்கு ஆட்சேபம் கொடுக்கலாம், ஓராண்டு கழிந்தால் அது தானாகச் செத்துவிடும். உங்களுடையது சாகாது.

கடைசியாக, மறு விசாரணைக்கு அனுப்பும் தீர்ப்பில் பதில் தர ஒரு கெடு இருக்கும், பெரும்பாலும் நான்கு வாரம். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் பழைய உத்தரவு உயிர்பெறும் என்றும் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் நீங்களே குறித்துவையுங்கள், ஆடிட்டரிடம் விட்டுவிடாதீர்கள்.