தாடிக்கு டை: கறை ஏறுவதற்குள் துடைப்பதுதான் வேலை

"தாடியில் நரை வந்துவிட்டது. வீட்டிலேயே டை அடித்தால் கன்னம், கழுத்தெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. தோலில் கறை பிடிக்காமல் அடிப்பது எப்படி?"

என் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டு, தலைக்கு அடிப்பதுபோலத் தாடியிலும் டையை அப்பி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் தாடிக்கு அடியில் மை பூசியதுபோல ஒரு நிழல். கல்யாண போட்டோக்களில் இன்றும் அது தெரிகிறது.

முடியும் தோலின் மேல்படலமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. அதனால் முடியில் ஏறும் சாயம் தோலிலும் ஏறும். தாடியில் டை தோலைத் தொடவே கூடாது என்பது நடக்காத காரியம். தொட்டது எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இப்போது நான் செய்வது இது. அன்றைக்கு முகத்துக்குச் சோப்புப் போடுவதில்லை. தோலின் இயல்பான எண்ணெய்ப் பிசுக்கே பாதித் தடுப்பு. தாடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கன்னக் கோடு, கழுத்துக் கோடு, உதட்டு ஓரம், காது ஓரம் எல்லாம் வாஸலின் தடவுவேன். அது முடியில் பட்டால் அங்கே சாயம் ஏறாது, அதனால் விரலால் தடவாமல் பட்ஸால் கோடு இழுப்பேன். கிரீம் டை என்றால் இரண்டு டியூபிலும் பாக்கெட்டில் சொன்ன விகிதத்தில் கொஞ்சமாகப் பிதுக்கினாலே தாடிக்குப் போதும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷின் நுனியில் மட்டும் எடுத்து, வேரில் அழுத்தாமல் முடியின் மேலாக வாருவேன். நரை அடர்ந்த மோவாயில் முதலில், கிருதாவில் கடைசியில்.

ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு சின்ன இடத்தை ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். நரை மங்கியிருந்தால் கழுவிவிடலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டிரண்டு நிமிடமாகப் பார்க்கலாம். பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்ட வேண்டாம். இதற்கிடையில் கோட்டுக்கு வெளியே வழிந்ததை உடனுக்குடன் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பை விட அடர் பழுப்பு நல்லது என்பேன். கொஞ்சம் தோலில் ஏறினாலும் அவ்வளவாகத் தெரியாது. ஒட்டவெட்டிய தாடிக்கு இந்த முறை சரிவராது, டை நேரே தோலில்தான் உட்காரும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, உடனே கறுக்கும் சில மருதாணிப் பொடிகளிலும்கூட. சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டை வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு கறை ஏறிவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, பஞ்சால் மெதுவாக எடுங்கள். தேய்த்தால் தோல் சிவந்து எரியும். மிச்சம் இருப்பது மேல்தோல் உதிரும்போது சில நாளில் தானாகப் போய்விடும். அதனால்தான் விசேஷம் என்றால் மூன்று நாள் முன்னதாகவே அடித்துவிடுகிறேன்.