ஒரே இரவில் இரண்டு முறை வந்த 2:30

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களே, நடு ராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்து பதறிப்போன அனுபவம் இருக்கிறதா?

2024 அக்டோபர் 27, ஞாயிறு. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. நான் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போன் அடித்தபோது மணி 2:50. சேலத்திலிருந்து சித்தப்பா. அந்த நேரத்தில் ஊர் நம்பரைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"கண்ணு, யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாத. பில்லுதான் ரெண்டு ரெண்டா போயிருக்கு. நாமக்கல் கடைக்காரர் பத்து மூட்டை கேட்டாரு, இருபது மூட்டைக்கு மெசேஜ் வந்திருக்குன்னு சத்தம் போடறாரு."

செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவுக்கு ஜவ்வரிசி மொத்த வியாபாரம். லைனுக்குப் போகிற பையன்கள் போனிலேயே ஆர்டர் போடுவார்கள். காலையில் அந்த ஆர்டர்களைக் கணக்கு சாப்ட்வேருக்குக் கொண்டுபோய், பில் போட்டு, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் எண்ணும் வாங்கி, கடைக்காரருக்கு மெசேஜ் அனுப்புகிற சிங்க் ப்ரோக்ராம் நான் எழுதியது. அது ஓடுகிற சர்வரும் ஜெர்மனியில்தான், ஜெர்மன் நேரம் 2:30-க்கு ஓடும்.

திறந்து பார்த்தேன். சனிக்கிழமை ஆர்டர் 63, பில் 126. முதல் 63 பில் வரிசையாக இருக்க, 64-ஆவதில் மறுபடி அதே நாமக்கல் கடை, அதே பத்து மூட்டை, எண் மட்டும் வேறு. 126 பில்லிலும் பதிவான நேரம் 2:30. அதனால் இரண்டு ப்ரோக்ராம் ஒரே சமயத்தில் ஓடியிருக்கின்றன, எங்கேயோ இன்னொரு காப்பி இருக்கிறது என்று அதையே தேடி இருபது நிமிடம் போனது. எதுவும் இல்லை. அப்புறம் லாக்கை, எப்போதும் மாறாத உலகப் பொது நேரமான யுடிசியில் எடுத்துப் பார்த்தேன்:

```
journalctl -u billsync --utc
```

முதல் ஓட்டம் 00:30, இரண்டாவது 01:30. நடுவில் சரியாக ஒரு மணி நேரம். அப்போதுதான் உறைத்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு ஜெர்மனியில் கடிகாரத்தை 2-க்குத் திருப்பி வைப்பார்கள். அந்த இரவில் 2:30 இரண்டு தடவை வரும். என் ப்ரோக்ராம் நிமிடத்துக்கு ஒரு முறை மணியைப் பார்த்து, 2:30 என்றால் ஓடு என்று எழுதப்பட்டது. இரண்டு தடவையும் ஓடிவிட்டது. ஊரில் அது காலை 6 மணியும் 7 மணியும். நம் ஊரில் மணியைத் திருப்பி வைக்கிற பழக்கமே கிடையாது, எழுதும்போது அது என் மனதில் வரவே இல்லை.

ஆனால் கடிகாரம் பாதிக் காரணம்தான். "நேற்றைய ஆர்டர் எல்லாம்" என்று எடுத்தேனே தவிர, "இன்னும் பில் போடாத ஆர்டர்" என்று எடுக்கவில்லை. ஜிஎஸ்டி தளமாவது தடுத்திருக்கக் கூடாதா என்றால், அது விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றை வைத்துத்தான் ஒரே பில்லா என்று பார்க்கும். பில் எண் வேறாக இருந்ததால் அதற்கு இவை 126 தனித்தனி விற்பனை.

இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். நல்ல வேளை, லாரி இன்னும் ஏற்றவில்லை, இ-வே பில்லும் போடவில்லை. போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டியிருக்கும். கணக்குப்பிள்ளை அண்ணன் அங்கே பில் எண்ணை வாசிக்க, நான் இங்கே ஆர்டரோடு ஒத்துப் பார்த்து, இரண்டாவது 63-ஐயும் ஒவ்வொன்றாக ரத்து செய்தோம். ரத்தான எண்களை மறுபடி பயன்படுத்த முடியாது, மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் ரத்து என்று காட்டிவிட்டோம். சித்தப்பா அதற்குள் ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார்.

அன்று மதியமே ப்ரோக்ராமை யுடிசி நேரத்துக்கு மாற்றினேன். அது மட்டும் போதாது, நெட் கட்டாகி மறுபடி ஓடினாலும் இதே கதைதான். அதனால் டேட்டாபேஸிலேயே தடுப்பு வைத்தேன்:

```
CREATE UNIQUE INDEX one_bill
ON invoices (order_id, load_no)
WHERE NOT cancelled;
```

ஒரே ஆர்டரை இரண்டு லோடாக அனுப்புவதும் உண்டு, load_no அதற்காக.

எல்லாம் முடிந்து போனை வைக்கும்போது சித்தப்பா கேட்டார்: "மார்ச் கடைசி நாள் பில்லே வரலையே கண்ணு, நெட்டு போச்சுன்னு கையில போட்டோமே, அதுவும் இதானா?" தேதியைப் பார்த்தேன். 2024 மார்ச் 31, ஞாயிறு. அன்று ஜெர்மனியில் 1:59:59-க்கு அடுத்த நொடி 3 மணி. 2:30 வரவே இல்லை.