“நேற்றே கேட்டேனே!” – பதில் வராத சக ஊழியருக்கு எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் 19 ஆண்டுகள் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். ஆய்வகம், கிடங்கு, கணக்குப் பிரிவு என்று நாள் முழுவதும் யாரிடமாவது எதையாவது நினைவூட்டுவதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: “ஆய்வகத்து அக்காவுக்கு இப்படி எழுதினேன்: ‘ரிப்போர்ட் என்ன ஆயிற்று? நேற்றே கேட்டேனே! இன்னும் அனுப்பவில்லை. லாரி வந்து நிற்கிறது.’ அவர் இரண்டு நாட்களாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன தவறாகக் கேட்டுவிட்டேன்?”

கேட்டதில் தவறில்லை, தம்பி. உங்கள் வரிகளில் இரண்டு ஏகாரங்கள் இருக்கின்றன. ‘நேற்று கேட்டேன்’ என்பது செய்தி. ‘நேற்றே கேட்டேனே’ என்றால் ‘கேட்டும் நீங்கள் செய்யவில்லை’ என்ற பொருள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சில் குரலும் சிரிப்பும் அந்த ஏகாரத்தைத் தணித்துவிடும். எழுத்தில் அது அப்படியே நிற்கும்.

அடுத்தது ‘இன்னும் அனுப்பவில்லை’. ‘நீங்கள்’ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அனுப்பாதவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியும். ‘எனக்கு வந்து சேரவில்லை’ என்று எழுதினால் உங்கள் பக்கத்து நிலையைச் சொல்கிறீர்கள். அவர் அனுப்பி, அது வேறு யாருக்காவது போயிருக்கவும் வழி இருக்கிறது அல்லவா?

மூன்றாவதுதான் பெரிய குறை. எந்த லாட், அதாவது எந்தத் தொகுதிக் கூழ்? பெங்களூரா மாங்காய் வந்து குவியும் ஜூன், ஜூலை மாதங்களில் அவர் மேசையில் ஒரே நேரத்தில் எத்தனையோ மாதிரிகள் இருக்கும். உங்கள் நான்கு வரியில் லாட் எண்ணும் இல்லை, எத்தனை மணிக்குள் வேண்டும் என்பதும் இல்லை. கோபம் மட்டும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் இப்படி எழுதியிருப்பேன்:

“வணக்கம் அக்கா. 14ஆம் லாட் கூழின் பிரிக்ஸ், அமிலத்தன்மை ரிப்போர்ட் எனக்கு வந்து சேரவில்லை. லாரி மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. 3 மணிக்குள் கிடைத்தால் பில்லோடு சேர்த்துவிடுவேன். அதற்குள் முடியாது என்றால் எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள், லாரிக்காரரிடம் நேரம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன்.”

‘லாரி வந்து நிற்கிறது’ என்பது பழி. ‘5 மணிக்குப் புறப்படுகிறது’ என்பது காரணம். கடைசி வரியைக் கட்டாயம் வையுங்கள். வேலை முடியாதவர்கள் பெரும்பாலும் கூச்சத்தினால்தான் பதில் எழுதாமல் இருக்கிறார்கள். ‘முடியவில்லை’ என்று சொல்ல ஒரு வாசலைத் திறந்துவைத்தால், ரிப்போர்ட் வராவிட்டாலும் பதிலாவது வரும்.

பாலக்கோட்டிலிருந்து: “‘தவறாக நினைக்காதீர்கள்’ என்று தொடங்கினால் போதும் அல்லவா?”

வேண்டாம். தவறாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

தர்மபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்: “அரசு அலுவலகங்களில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டோம். ‘இதுநாள் வரை பதில் பெறப்படவில்லை’ என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் யாரையும் குற்றம் சாட்டியதாகாது.”

ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். ‘பெறப்படவில்லை’ என்பதில் ஆள் மறைகிறார், அது நல்லது. ஆனால் ‘இதுநாள் வரை’ என்ற இரண்டு சொற்கள் நாட்களை எண்ணிக் காட்டுகின்றன. குற்றச்சாட்டு முழுவதும் அங்கே ஏறிவிடுகிறது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இதை எழுதினால், ‘இவர் கோப்பு சேர்க்கிறார்’ என்றுதான் அவர் நினைப்பார்.

அவரே மீண்டும்: “கோப்பு சேர்க்கத்தான் வேண்டும். நாளை தணிக்கையில் ‘நீ ஏன் கேட்கவில்லை’ என்று என்னைத்தான் கேட்பார்கள். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று எண் போட்டு எழுதியதால்தான் நான் தப்பித்தேன்.”

சான்று வேண்டும் என்பது நியாயம், அதை நான் கவனிக்காமல் பேசிவிட்டேன். அப்படியானால் கடிதத்தின் தொடக்கத்தில் வரும் ‘பார்வை’ வரியில் முந்தைய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் போடுங்கள். தணிக்கைக்கு அது போதும், ‘இதுநாள் வரை’ தேவையில்லை. தேதியே பேசட்டும்.

அரூரிலிருந்து, தமிழாசிரியை: “நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். ‘இதுநாள் வரை’யைவிட எனக்கு உறுத்துவது ‘அனுப்பவும்’. அது அறிவிப்புப் பலகையின் மொழி. ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் கட்டளையாகவே இருக்கிறது.”

மிகச் சரி, அம்மா. ‘வரிசையில் நிற்கவும்’ என்று பலகையில் படித்துப் பழகிய காதுக்கு ‘ரிப்போர்ட் அனுப்பவும்’ வேறு எப்படிக் கேட்கும்? சமநிலையில் இருப்பவருக்கு ‘அனுப்புங்கள்’ போதும். ‘அனுப்ப முடியுமா?’ இன்னும் இதம்.

கண்காணிப்பாளர்: “‘முடியுமா’ என்று கேட்டால் ‘முடியாது’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது நினைவூட்டில் கடுமை இல்லாவிட்டால் கோப்பு நகராது. இதில் நான் மாறப்போவதில்லை.”

மேலிருந்து கீழே எழுதும்போது அப்படி இருக்கலாம், அது நான் அறியாத இடம். சக ஊழியர்களுக்குள் கடுமை நகர்த்திய கோப்பை நான் பார்த்ததில்லை.

ஊத்தங்கரையிலிருந்து: “என் மைத்துனர் கைமாற்று வாங்கி ஆறு மாதமாகிறது. அவரிடம் எப்படி எழுதிக் கேட்பது?”

இது வீட்டு விஷயம். எழுதாதீர்கள், வீட்டுப் பெரியவரை வைத்து நேரில் பேசுங்கள்.

பர்கூரிலிருந்து: “ஆறு பேரிடம் கணக்கு கேட்டேன், ஐந்து பேர் தந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘உங்களுடையது மட்டும்தான் பாக்கி’ என்று எழுதலாமா? அது உண்மைதானே?”

உண்மைதான். அதனால்தான் அதிகம் வலிக்கும். நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு சீசனில் காலி டிரம் கணக்கு வராமல், கிடங்குக்காரர் பெயரைப் போட்டு ‘நீங்கள் மட்டும்தான் பாக்கி’ என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் கணக்கு வந்தது, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மகளுக்குக் காய்ச்சல். அதுவரை என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டவர், அந்த சீசன் முடியும்வரை ‘மேடம்’ என்றார்.

‘மட்டும்’, ‘தான்’ இரண்டும் ஆளைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்தும் சொற்கள். தனியாக எழுதுங்கள்: “டிரம் கணக்கை வெள்ளிக்கிழமை மூடுகிறேன். உங்கள் பகுதியையும் சேர்க்க வியாழன் மாலைக்குள் எண்கள் வேண்டும். நான் ஏதாவது எடுத்துத் தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள்.”

ஓசூரிலிருந்து: “உடன் வேலை செய்பவர் கன்னடக்காரர். தமிழில் மரியாதையாக எழுதினாலும் அவருக்குப் புரியுமா?”

தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: “‘நேற்றே சொன்னேனே, கொஞ்சம் பாருங்கள்’ என்பது பணிவாகத்தானே இருக்கிறது?”

ஏகாரம். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: “வெறும் கேள்விக்குறி மட்டும் அனுப்பினால்? அதில் ஏகாரம் எதுவும் இல்லையே.”

அதில் வேறு எதுவும் இல்லை என்பதுதான் குறை. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவர் பழைய செய்திகளைத் தேட வேண்டும். லாட் எண்ணை எழுதுங்கள், கோப்பின் பெயரை எழுதுங்கள். இன்று இதே கேள்வி நான்காவது முறையாக வருகிறது, இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: “நீலக் குறி வந்துவிட்டது, படித்துவிட்டார். இரண்டு முறை நீங்கள் சொன்னபடியே எழுதியும் பதில் இல்லை. மேலாளரைச் சேர்த்து எழுதலாமா?”

நீலக் குறியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். ‘பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது’ என்பது அவரை வேவு பார்த்ததாகிவிடும். இரண்டு முறைக்கு மேல் எழுத்து வேலை செய்யாது. நேரில் போங்கள், அல்லது கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், மேலாளரிடம் போகும் முன் அவரிடமே சொல்லிவிடுங்கள்: “நாளை 11 மணிக் கூட்டத்தில் இந்த எண்ணைக் கேட்பார்கள். கையில் இல்லாவிட்டால் நிலுவை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன் உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.” இதை முதல் நாள் மதியத்துக்குள் அனுப்புங்கள். இரவு 10 மணிக்கு அனுப்பினால் அவருக்கு வேலை செய்ய நேரம் இருக்காது, நீங்கள் சாட்சிக்காக எழுதியது போல ஆகிவிடும்.