பேட்ஜ், துணி போட்டோ வச்சு அதே யூனிஃபார்ம் சட்டை எடுக்கறது எப்படி?

"சொந்தக்காரங்க பொண்ணுக்கு ஒரு பழைய ஸ்கூல் சட்டை கொடுத்தாங்க, நீலக் கட்டம், பாக்கெட்ல பேட்ஜ் இருக்கு. இதே மாதிரி இன்னும் 2 எடுக்கணும், போட்டோ வச்சு எந்தத் துணின்னு சொல்ல முடியுமா?"

பேட்ஜ் ஸ்கூலத்தான் சொல்லும்ங்க, துணிய சொல்லாது. ஒரே நிர்வாகம் நாலஞ்சு ஊர்ல ஸ்கூல் நடத்தினா சின்னம் எல்லாத்துக்கும் ஒன்னாவே இருக்கும், அடியில இருக்கற வரில ஊர் பேரு மட்டும் மாறும், அதனால அந்த வரி படிக்கற மாதிரி கிட்டப் போய் ஒரு போட்டோ எடுங்க. ஸ்கூல் தெரிஞ்சாலும் 5ஆம் வகுப்பு வரைக்கும் ஒரு கட்டம், அதுக்கு மேல வேற கட்டம்னு வச்சிருப்பாங்க, எந்த வகுப்புக்குன்னு கேட்டுக்கோங்க.

அடுத்து கட்டத்தோட அளவு, இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. சட்டைய மேசை மேல சுருக்கமில்லாம விரிச்சு, துணி மேலயே ஒரு ஸ்கேல வச்சு, போன நேர் மேல பிடிச்சு எடுங்க, சாய்ச்சுப் பிடிச்சா ஒரு பக்கத்துக் கட்டம் சின்னதா தெரியும். ஒரு கட்டத்த அளக்காதீங்க, 10 கட்டத்த சேர்த்து அளங்க. எங்க கடைக்கு ஒரு அம்மா போட்டோ மட்டும் கொண்டு வந்தாங்க, பாத்தா எங்ககிட்ட இருந்த துணியேதான்னு தோணுச்சு, வீட்டுக்கு போன் போட்டு அளக்கச் சொன்னா 10 கட்டம் 8 செ.மீ., எங்க துணில 7 செ.மீ. ஒரு கட்டத்துக்கு 1 மி.மீ. வித்தியாசம் போட்டோல தெரியவே தெரியாது, ஆனா தச்சுப் போட்டு பழைய சட்டை பக்கத்துல நின்னா பளிச்சுன்னு தெரிஞ்சிடும். நீளவாக்குலயும் அகலவாக்குலயும் தனித்தனியா அளங்க, நிறைய கட்டம் சரியான சதுரமா இருக்காது.

உள்பக்கமும் ஒரு போட்டோ வேணும். ரெண்டு பக்கமும் கலர் ஒரே மாதிரி இருந்தா நூலுக்கு சாயம் போட்டு நெய்த துணி, உள்பக்கம் வெளுத்துத் தெரிஞ்சா பெரும்பாலும் பிரிண்ட் போட்டது. பிரிண்ட் விலை கம்மிதான், ஆனா வெளுக்கற விதம் வேற, ரெண்டையும் கலந்து வாங்கினா கொஞ்ச நாள்லயே ஒன்னுக்கொன்னு சேராது.

கலர மட்டும் போட்டோல முடிவு பண்ணாதீங்க. டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தா ஒரு நீலம், வெயில்ல எடுத்தா இன்னொரு நீலம், பழைய சட்டை வேற துவைச்சு வெளுத்திருக்கும். அடி மடிப்பு உள்ள, காலர் மடியற இடத்துக்குக் கீழ பாருங்க, அங்க வெயில் அவ்வளவா படாததால பழைய கலர் ஓரளவு அப்படியே இருக்கும். கடைக்காரர்கிட்ட ஒரு சின்ன வெட்டுத்துண்டு வாங்கி அந்த மடிப்பு மேல வச்சு கடை வாசல்ல பகல் வெளிச்சத்துல ஒத்துப் பாருங்க, அங்க சேர்ந்தாத்தான் துணிய வெட்டச் சொல்லுங்க, ரெண்டு சட்டைக்கும் ஒரே துணிச் சுருள்ல இருந்தே வெட்டச் சொல்லுங்க.