கேட்டவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: நான் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். என் துறை சார்ந்த இரண்டு பாட்காஸ்ட்களில் விருந்தினராகப் பேசினேன். பாராட்டு வந்தது, ஒரு பெற்றோர்கூட என்னைத் தேடி வரவில்லை. இப்போது இளம் பெற்றோர் நிறையப் பேர் கேட்கும் பாட்காஸ்ட் ஒன்று அழைத்திருக்கிறது. அதே குழுவினர் ஒரு வெபினாரும் நடத்தச் சொல்கிறார்கள். இந்த முறை எதை மாற்ற வேண்டும்?

பதில்: பாராட்டியவர்களின் பெயர்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலோர் உங்களைப் போன்ற பயிற்சியாளர்களாகத்தான் இருப்பார்கள். துறை சார்ந்த பாட்காஸ்ட்டைத் துறையினர்தான் கேட்பார்கள். அங்கே மதிப்பு கிடைக்கும், எப்போதாவது பரிந்துரையும் கிடைக்கும். ஆனால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். ஆகவே புதிய அழைப்பு சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

ஒப்புக்கொள்ளும் முன் அந்த பாட்காஸ்ட்டின் கடைசி மூன்று நான்கு பகுதிகளைக் கேளுங்கள். தொகுப்பாளர் விருந்தினரைப் பேச விடுகிறாரா, பகுதியின் விவரக் குறிப்பில் விருந்தினரின் இணைப்பைப் போடுகிறாரா என்று கவனியுங்கள். போடுவதில்லை என்றால் பதிவுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு முடிந்து பகுதி வெளியான பிறகு கேட்டால், "பார்க்கிறேன்" என்ற பதிலோடு நின்றுவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாட்காஸ்ட் கேட்பவர் பாத்திரம் துலக்கிக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ இருப்பார். அவர் கையில் பேனா இல்லை. விருந்தினர்களோ நிகழ்ச்சியின் கடைசி நிமிடத்தில் முகநூல், யூடியூப், இணையதளம், கைபேசி எண் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களுக்கும் ஒன்றும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு இணைய முகவரி போதும். காதால் கேட்டு, எழுத்துக் கூட்டாமல் அப்படியே தட்டச்சு செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். பெயருக்கு இடையில் கோடு, எண் எதுவும் வேண்டாம்.

அந்த முகவரியில் உங்கள் முகப்புப் பக்கத்தை வைக்காதீர்கள். தகுதிகளையும் சான்றிதழ்களையும் படிக்க யாரும் வரப்போவதில்லை. நீங்கள் பேசிய விஷயத்தின் அடுத்த படி அங்கே இருக்க வேண்டும். உதாரணமாக, "இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை" என்பது உங்கள் தலைப்பாக இருக்கட்டும். இப்படிப்பட்ட குழந்தைக்கு முதலில் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்பதை வைத்து மட்டும் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என்று விளக்குவீர்கள். அந்த இடத்திலேயே, "குழந்தை என்னென்ன சொற்களை எப்போது சொல்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைக்க ஒரு பக்கத் தாள் தயாரித்திருக்கிறேன், இந்த முகவரியில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். உரையாடலின் நடுவில், கேட்பவரின் கவலை விழித்திருக்கும் நேரத்தில் சொல்வதால் அது விளம்பரமாக ஒலிக்காது. முடிவில் ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

நிரப்பிய தாளை எடுத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே உருப்படியாகப் பேச முடியும் என்பது உங்களுக்குக் கிடைக்கும் உபரி லாபம்.

தொகுப்பாளருக்கு ஐந்தாறு கேள்விகளையும் உங்களைப் பற்றி மூன்று வரி அறிமுகத்தையும் அனுப்பிவையுங்கள். அறிமுகத்தை அவர் உரக்க வாசிப்பார் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். பதில்களை மட்டும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

வெபினாரின் கணக்கு வேறு. அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உரையாடல் பெட்டியில் இணைப்பைப் போட்டால் உடனே சொடுக்குவார்கள். ஆனால் கலந்துகொள்ளப் பெயர் பதிவு செய்தவர்களின் மின்னஞ்சல் பட்டியல் நடத்துபவர்களுடையது. அதைக் கேட்காதீர்கள். அந்த முகவரிகளைத் தந்தவர்கள் உங்களுக்காகத் தரவில்லை. கேட்டால் அழைத்தவருக்கும் சங்கடம். அதற்குப் பதிலாக, மறுநாள் அவர்கள் அனுப்பும் நன்றி மடலில் உங்கள் தாளின் இணைப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேண்டியவர்கள் தாமாக உங்கள் பக்கத்துக்கு வந்து மின்னஞ்சல் முகவரி தருவார்கள். பதிவிலிருந்து சிறு துண்டுகளை உங்கள் பக்கத்தில் பயன்படுத்தலாமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்காஸ்ட்டுக்கு ஒரு முகவரி, வெபினாருக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுங்கள். அப்போதுதான் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியும். வெபினாரின் பலன் இரண்டு மூன்று நாட்களில் தெரிந்துவிடும். பாட்காஸ்ட் பகுதியைப் பல மாதம் கழித்தும் யாராவது தேடிக் கேட்பார்கள். அதனால் முதல் வாரத்தில் ஆள் வரவில்லை என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். பக்கத்துக்குப் பலர் வந்தும் தாளை எடுப்பவர் சிலரே என்றால் பக்கத்தைத் திருத்துங்கள். பக்கத்துக்கே யாரும் வரவில்லை என்றால் பதிவைத் திரும்பக் கேட்டு, முகவரியை எந்த நிமிடத்தில், எப்படிச் சொன்னீர்கள் என்று பாருங்கள்.